ஒரு டம்ளர் சர்பத்துல எத்தனை சதவீதம் சர்க்கரை?

இன்னைக்கு எடுத்துக்கிட்ட விஷயம் நன்னாரி சர்பத். ருசியைப் பத்தி இல்ல, கணக்கைப் பத்தி. 8 சதவீதம் சர்க்கரைதான் இருக்கணும்னு முடிவு பண்ணிட்டா, பாகு எவ்வளவு, தண்ணி எவ்வளவு?

முதல்ல 8 சதவீதம்னா என்னன்னு தெளிவு பண்ணிக்குவோம். 100 கிராம் சர்பத்துல 8 கிராம் சர்க்கரை, அவ்வளவுதான். 200 கிராம் டம்ளர்ல 16 கிராம். கடையில விக்கிற கோலா பானங்கள் பொதுவா 10, 11 சதவீதத்துல இருக்கும். அதோட ஒப்பிட்டா 8 கொஞ்சம் மட்டான இனிப்பு.

இதுல பிடிச்சுக்க வேண்டிய விஷயம் ஒண்ணே ஒண்ணு. பாகுல தண்ணி ஊத்தும்போது சர்க்கரை கூடுறதும் இல்ல, குறையறதும் இல்ல. மொத்த எடைதான் கூடுது. அதனால எப்பவும் சர்க்கரையில இருந்து கணக்கைத் தொடங்கணும்.

பாகுல இருந்து ஆரம்பிப்போம். நன்னாரி வேரை ஊறவெச்சு காய்ச்சி வடிகட்டின சாறு 400 கிராம், சர்க்கரை 600 கிராம். மொத்தம் 1000 கிராம், இது 60 சதவீதப் பாகு. ஆனா அடுப்புல கொதிக்கும்போது தண்ணி ஆவியாகும். அதனால காலிப் பாத்திரத்தோட எடையை முன்னாடியே குறிச்சு வெச்சுக்கங்க. காய்ச்சி முடிச்சதும் எடை போட்டா, பாகு மட்டும் 940 கிராம்தான் இருக்குதுன்னு வைங்க. 60 கிராம் தண்ணி போயிடுச்சு. 60 கிராம் வெந்நீர் ஊத்தி கலக்கினா திரும்ப 60 சதவீதம். அப்படியே விட்டா அது கிட்டத்தட்ட 64 சதவீதம் ஆயிடும். 67 சதவீதத்தைத் தாண்டினா, ஆறினதுக்கு அப்புறம் பாட்டில் அடியில சர்க்கரை படிகமா உறைய ஆரம்பிக்கும். அடியில கரகரன்னு படிஞ்சிருந்தா, மேல இருக்கிற பாகுல நீங்க நினைச்ச அளவு சர்க்கரை இல்லன்னு அர்த்தம்.

இப்போ வீட்டுக்கு 20 பேர் வர்றாங்க. ஆளுக்கு 200 கிராம், மொத்தம் 4000 கிராம் சர்பத். அதுல 8 சதவீதம்னா 320 கிராம் சர்க்கரை வேணும். நம்ம பாகுல 100 கிராமுக்கு 60 கிராம் சர்க்கரை இருக்கு. 320-ஐ 60-ஆல வகுத்து 100-ஆல பெருக்கினா 533 கிராம் பாகு. மீதி 3467 கிராம் தண்ணி. எலுமிச்சைச் சாறு 200 கிராம் சேர்க்கிறீங்கன்னா அதையும் தண்ணிக் கணக்குலயே வெச்சுட்டு, தண்ணியை 3267 ஆக்கிடுங்க. எலுமிச்சையில இருக்கிற சர்க்கரை ரொம்பக் கொஞ்சம், விட்டுடலாம்.

நிறைய பேர் சறுக்குற இடம் இதுக்கு அடுத்துதான் வருது. 533 கிராமை 533 மில்லின்னு நினைச்சு அளவுக் கப்புல ஊத்திடுவாங்க. தண்ணிக்கு கிராமும் மில்லியும் ஏறக்குறைய ஒண்ணுதான். பாகு அப்படி இல்ல, கனமானது. 60 சதவீதப் பாகு 100 மில்லி எடுத்தா சுமார் 129 கிராம் இருக்கும். அப்போ 533 மில்லி பாகுங்கறது 687 கிராம், அதுல 412 கிராம் சர்க்கரை. தண்ணியை மாத்தாம கலந்தா சர்பத் கிட்டத்தட்ட 10 சதவீதத்துக்குப் போயிடும். ஒவ்வொரு டம்ளர்லயும் ஏறக்குறைய ஒரு டீஸ்பூன் சர்க்கரை கூடுதல். கப்பாலதான் அளப்பேன்னா, 533-ஐ 1.29-ஆல வகுத்து 413 மில்லி ஊத்துங்க.

கடையில வாங்கின பாட்டிலுக்கும் இதே கவனம் வேணும். லேபிள்ல 100 மில்லிக்கு 77 கிராம் சர்க்கரைன்னு போட்டிருந்தா, அது 77 சதவீதப் பாகு இல்ல. அந்த 100 மில்லியோட எடை 129 கிராம்னா, 77-ஐ 129-ஆல வகுத்தா 60 சதவீதம்தான்.

கலந்ததுக்கு அப்புறம் இனிப்பு ஜாஸ்தின்னு தோணினா? இனிப்பைப் பாதியாக்க, இருக்கிற சர்பத் எவ்வளவோ அதே எடைக்குத் தண்ணி ஊத்தணும். 10 சதவீதத்துல 250 கிராம் இருக்கு, அதை 6 ஆக்கணும்னா, உள்ள இருக்கிற 25 கிராம் சர்க்கரையை 6-ஆல வகுத்து 100-ஆல பெருக்குங்க, 417 கிராம் வரும். அப்போ இன்னும் 167 கிராம் தண்ணி. ‘கொஞ்சமா ஊத்திப் பாப்போம்’னு ஆரம்பிக்கிறவங்க இவ்வளவு தேவைப்படும்னு எதிர்பார்க்க மாட்டாங்க.

கடைசியா ஐஸ். அதுவும் தண்ணிதான், லேட்டா வர்ற தண்ணி. 10 சதவீத சர்பத் 200 கிராம்ல 100 கிராம் ஐஸ் முழுசா கரைஞ்சா 6.7 சதவீதம் ஆயிடும். அதனால ஐஸ் போடுறதா இருந்தா அந்த எடையையும் மொத்தத் தண்ணியில இருந்து கழிச்சுக்கங்க. முதல் வாய் கொஞ்சம் திக்கா இருக்கும், டம்ளர் காலியாகுறப்போ மட்டாகும். ஆனா முழுசாக் குடிச்சா உள்ள போற சர்க்கரை நீங்க முடிவு பண்ணின அதே 16 கிராம்தான்.