ரூட் கேனாலா, பல்லை எடுத்துவிடுவதா? பயந்தவருக்கு பல் டாக்டர் அனுப்பும் கடிதத்தில் என்ன இருக்கிறது?

வாட்ஸ்அப்பில் இரண்டு பக்க பி.டி.எஃப் ஒன்று வருகிறது. அனுப்பியது பல் கிளினிக். முதல் வரி: ‘46 – ஆழமான சொத்தை, பல்கூழ் அழற்சி’. அதற்குக் கீழே மூன்று ஆப்ஷன், மூன்று தொகை. கடைசியில் ‘ஏற்படக்கூடிய பிரச்சினைகள்’ என்று ஒரு பெரிய பத்தி. ஏற்கெனவே பல் டாக்டர் என்றாலே உள்ளங்கை வேர்க்கும் ஒருவர் அந்தப் பத்தியின் மூன்றாவது வரியில் போனை மூடி வைத்துவிடுவார். கடிதம் பத்து நாள் அப்படியே கிடக்கும்.

சென்னையில் ஐடி வேலை பார்க்கும் 29 வயது இளைஞர் ஒருவருக்கு இந்தக் கடிதம் வந்ததாக வைத்துக்கொள்வோம். ஸ்கூல் படிக்கும்போது சரியாக மரத்துப்போவதற்குள் ஒரு பல்லை எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து கிளினிக் பக்கமே போகவில்லை. இப்போது ராத்திரி தூங்கவிடாமல் விண் விண்ணென்று தெறிக்கிறது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் வலி நிமிஷக்கணக்கில் நிற்பதில்லை. வேறு வழியில்லாமல் போய் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். “என்ன செய்யலாம்னு எழுதி அனுப்புங்க டாக்டர், யோசிச்சு சொல்றேன்.”

46 என்றால் என்ன?

வாயில் இருப்பதே 32 பல்தான், 46-வது பல் எங்கிருந்து வந்தது என்று குழம்ப வேண்டாம். டாக்டர்கள் வாயை நான்கு பாகமாகப் பிரிக்கிறார்கள். வலது மேல் 1, இடது மேல் 2, இடது கீழ் 3, வலது கீழ் 4. ஒவ்வொரு பாகத்திலும் நடுப்பல்லில் இருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். ஆக, 46 என்பது வலது கீழ்ப்பக்கத்தில் ஆறாவது, அதாவது முதல் பெரிய கடைவாய்ப் பல். ஆறு, ஏழு வயதில் முளைத்து, அதிகமாக மெல்லும் வேலையைச் செய்கிற பல். கடிதத்தில் உள்ள எண்ணும், உங்களுக்கு வலிக்கிற பல்லும் ஒன்றுதானா என்று முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

பல்கூழ் என்பது பல்லுக்குள் இருக்கும் நரம்பும் ரத்தக்குழாயும் சேர்ந்த மென்மையான பகுதி. சொத்தை அதுவரை போய், அது வீங்கிவிட்டது. சுற்றிலும் கெட்டியான பல் இருப்பதால் வீக்கத்துக்கு விரிய இடமில்லை. அதனால்தான் அவ்வளவு வலி. இந்தக் கட்டத்தில் வெறுமனே அடைப்பது போதாது.

மூன்று ஆப்ஷன், மூன்று கணக்கு

முதல் ஆப்ஷன், பல்லைக் காப்பாற்றுவது. பல்கூழை எடுத்து, வேர்களுக்குள் சுத்தம் செய்து அடைப்பது ரூட் கேனால். இதற்கு 6,000 ரூபாய். உடைந்த பல்லை உள்ளிருந்து கட்டி எழுப்ப 1,500. மேலே ஜிர்கோனியா கேப் 10,000. மொத்தம் 17,500. (இவை இந்த உதாரணக் கடிதத்தின் தொகைகள்; ஊருக்கு ஊர், கிளினிக்குக்கு கிளினிக் மாறும்.)

இரண்டாவது, பல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறு பல் வைப்பது. எடுக்க 1,500. பிறகு எலும்பில் திருகு வைக்கும் இம்பிளான்ட், கேப்போடு சேர்த்து 35,000. ஆக 36,500. இம்பிளான்ட் வேண்டாம் என்றால் மூன்று பல் சேர்ந்த பிரிட்ஜ் 15,000. எடுக்கும் செலவோடு 16,500.

மூன்றாவது, எடுத்துவிட்டு இடத்தை அப்படியே விடுவது. வெறும் 1,500.

பயந்தவர் கண்ணுக்கு முதலில் தெரிவது மூன்றாவதுதான். ஒரே நாள், ஒரே ஊசி, முடிந்தது கதை! “புடுங்கிடுங்க டாக்டர்” என்று டைப் செய்யவே ஆரம்பித்துவிடுவார்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். காலி இடம் காலியாகவே இருப்பதில்லை. வருஷங்கள் போகப் போக பின்னால் இருக்கும் 47-ஆம் பல் முன்பக்கம் சாயலாம். மேலே மோதுவதற்குப் பல் இல்லாததால் 16-ஆம் பல் மெல்லக் கீழே இறங்கலாம். பல் இருந்த இடத்து எலும்பும் கரையும். எல்லோருக்கும் ஒரே அளவில் இது நடக்காது. கடைசிக் கடைவாய்ப் பல் என்றால் விட்டுவிடுவது நியாயமான முடிவாகவும் இருக்கலாம். ஆனால், 29 வயதில் மெல்லும் முக்கியப் பல்லை விட்டுவிட்டு, 34 வயதில் இம்பிளான்ட் கேட்டுப் போனால், எலும்பு போதாமல் எலும்புத்தூள் வைக்கும் செலவும் தனியாகச் சேரலாம்.

பிரிட்ஜ் விலை ரூட் கேனாலைவிட 1,000 ரூபாய் குறைவு. ஆனால், அதை நிறுத்த 45, 47 என்று சொத்தையே இல்லாத இரண்டு பல்லையும் சீவ வேண்டும். சீவிய பல் திரும்ப வளராது. தொகைக் கட்டத்தில் இந்த இழப்புக்கு இடமே கிடையாது.

நாற்காலியில் எத்தனை தடவை?

பயம் இருப்பவர் ரூபாய்க்குப் பக்கத்தில் இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம்: எத்தனை முறை உட்கார வேண்டும்? ரூட் கேனாலுக்கு ஒன்று முதல் மூன்று சிட்டிங், கேப்புக்கு இரண்டு. பெரும்பாலும் சில வாரங்களில் வேலை முடிந்துவிடும். கூழை எடுத்தபிறகு மற்ற சிட்டிங்குகளில் வலிக்கும் வாய்ப்பும் குறைகிறது.

எடுத்து இம்பிளான்ட் என்றால்? பல்லை எடுக்க ஒரு நாள். திருகு வைக்கும் சின்ன ஆபரேஷன் ஒரு நாள், தையல் பிரிக்க ஒரு நாள். எலும்போடு திருகு ஒட்ட கீழ்த்தாடையில் ஏறக்குறைய மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அப்புறம் அளவெடுக்க, கேப் மாட்ட. சீக்கிரம் முடியும் என்று தோன்றிய வழிதான் அதிக நாள் இழுக்கிறது.

அந்தப் பயமுறுத்தும் பத்தி

ரிஸ்க் பகுதியை எழுதாமல் விட்டால் நோயாளி நிம்மதியாக இருப்பாரே என்று தோன்றலாம். டாக்டரால் அப்படி விட முடியாது. 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், சிகிச்சையின் தன்மை, வேறு என்ன வழிகள் உண்டு, முக்கியமான ஆபத்துகள் எவை, செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் சொன்ன பிறகு வாங்குவதுதான் சம்மதம் என்று தெளிவாக்கியது. அது பல் வழக்கு அல்ல; ஆனாலும் பல் டாக்டருக்கும் அதே விதிதான்.

எழுதியிருப்பவற்றை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் பயம் குறையும். அடிக்கடி நடப்பவை ஒரு பக்கம்: ரூட் கேனாலுக்குப் பிறகு இரண்டு, மூன்று நாள் கடித்தால் வலி, வாயைத் திறந்தே வைத்திருந்ததால் தாடை வலி. மாத்திரைக்கு அடங்கும். அபூர்வமானவை இன்னொரு பக்கம்: வேருக்குள் சுத்தம் செய்யும் மெல்லிய கம்பி முறிந்து தங்குவது, வேர்ச்சுவரில் ஓட்டை விழுவது. கம்பி தங்கினாலும் பல பற்கள் பிரச்சினை இல்லாமல் இருக்கின்றன. ஆனால் நடந்தால் உங்களிடம் சொல்ல வேண்டும்.

நம் இளைஞருக்கு உண்மையில் முக்கியமான வரி வேறு. ‘முதல் ஊசியில் முழுதாக மரத்துப்போகாமல் இருக்கலாம்.’ அவருடைய பழைய பயமே இதுதானே? கீழ்க் கடைவாய்ப் பல்லில் கூழ் இப்படிச் சூடாக வீங்கியிருக்கும்போது, தாடையின் பின்பக்கம் போடும் வழக்கமான ஊசி பலருக்கு முழுமையாக வேலை செய்வதில்லை. உதடு மரத்திருக்கும், பல் மட்டும் கூசும். இது உங்கள் கற்பனையோ, பலவீனமோ அல்ல. டாக்டர்கள் எதிர்பார்க்கிற விஷயம்தான், அதற்கு வழியும் இருக்கிறது. பல்லுக்குப் பக்கத்திலேயே இன்னொரு மருந்து, தேவைப்பட்டால் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே ஓர் ஊசி. வேலையைத் தொடங்கும் முன் பல்லில் குளிர்ச்சி வைத்துப் பார்த்து, கூசவில்லை என்று உறுதிசெய்துகொள்ளலாம். கடிதத்தில் இந்த வரி இருப்பது நல்ல அறிகுறி. இல்லையென்றால், “மரத்துப்போகலைன்னா அடுத்து என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டு எழுதி வாங்கலாம்.

இன்னொன்று. ஊசி மருந்தில் பெரும்பாலும் அட்ரினலின் கலந்திருக்கும். போட்டதும் சில நிமிஷம் நெஞ்சு படபடக்கலாம். பயந்தவர் அதை “எனக்கு என்னவோ ஆகுது” என்று எடுத்துக்கொள்வார். முன்கூட்டியே தெரிந்திருந்தால் அது தானாக அடங்கும்வரை காத்திருக்கலாம். இதய நோய் இருந்தால் மட்டும் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஒன்பதாம் நாள் வலி நின்றது

கடிதத்துக்குப் பதில் போடாமல் இருந்தவருக்கு ஒன்பதாம் நாள் வலி சட்டென்று நின்றுவிடுகிறது. குளிர்ந்த தண்ணீர் குடித்தாலும் ஒன்றுமில்லை. “தானாவே சரியாயிடுச்சு!”

சரியாகவில்லை. நரம்பு செத்துவிட்டது, வலிக்க ஆள் இல்லை. உள்ளே கிருமி வேர் நுனிவரை இறங்கும். கடித்தால் வலி, பல் கொஞ்சம் உயர்ந்ததுபோல உணர்வு, ஈறில் சின்னப் பரு, அதில் சீழ் என்று பிறகு தெரியவரும். மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவதும் இதற்குத் தீர்வல்ல. செத்த கூழுக்கு ரத்த ஓட்டம் கிடையாது, மருந்து அங்கே போய்ச் சேராது. வாய் திறக்க முடியாமல், விழுங்க முடியாமல், தாடைக்குக் கீழே வீங்கி, காய்ச்சலும் வந்தால் கிளினிக் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்கக் கூடாது. நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பதில் எழுதும்போது

சரி என்று சொல்வதற்கு முன் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்வது நல்லது. பல்லைத் திறந்து பார்த்தபோது வேர்வரை விரிசல் இருந்தால் காப்பாற்ற முடியாது. அப்போது 6,000-ல் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும், அன்றே எடுப்பீர்களா, என்னிடம் கேட்டுவிட்டு எடுப்பீர்களா? இரண்டாவது, 17,500-ல் எக்ஸ்ரேவும் அடக்கமா? கேப்பைத் தள்ளிப்போட்டு 10,000 மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றும். ரூட் கேனால் செய்த கடைவாய்ப் பல் கேப் இல்லாமல் மெல்லும்போது இரண்டாகப் பிளந்தால் 7,500-உம் போச்சு. பணம்தான் தடை என்றால் அதே கடிதத்தையும் எக்ஸ்ரேவையும் எடுத்துக்கொண்டு சென்னையில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். காத்திருக்க வேண்டியிருக்கும், செலவு பல மடங்கு குறையும். ஆபீஸ் ஹெல்த் இன்ஷூரன்ஸை நம்பி உட்காருவதற்கு முன் பாலிசியைப் படியுங்கள். விபத்தால் அல்லாத சாதாரண பல் வேலையைப் பல பாலிசிகள் சேர்ப்பதில்லை.

பயத்தையும் பதிலிலேயே எழுதலாம், அதில் வெட்கம் இல்லை. காலையில் முதல் அப்பாயின்ட்மென்ட் கேளுங்கள், நாள் முழுக்க நினைத்து நினைத்துப் பதற வேண்டாம். இடது கையைத் தூக்கினால் உடனே நிறுத்த வேண்டும் என்று பேசி வைத்துக்கொள்ளலாம். ஊசிக்கு முன் ஈறில் மரத்துப்போகும் ஜெல் தடவச் சொல்லலாம். அதற்கும் மேல் பதற்றம் என்றால் பதற்றம் குறைக்கும் மாத்திரையை டாக்டர் எழுதித் தரலாம், சில கிளினிக்குகளில் முகர்ந்து பார்க்கும் கேஸும் உண்டு. மாத்திரை போட்டால் மட்டும் அன்று பைக் ஓட்டிக்கொண்டு வீடு திரும்ப முடியாது. கூட ஒருத்தர் வர வேண்டும், ஆபீஸுக்கும் அன்று லீவு சொல்லிவிட வேண்டும்.