மஞ்சள் டாலருக்கு ஒரு முறையீடு

யூடியூப் ஸ்டூடியோவில் வீடியோவின் பக்கத்தில் டாலர் குறி பச்சையாக இருந்தால் விளம்பரம் வழக்கம்போல் ஓடும். மஞ்சளானால் குறைவாக ஓடும், சிலவற்றுக்கு ஓடவே ஓடாது. இதை முதலில் முடிவுசெய்வது மனிதரல்ல, ஒரு தானியங்கி அமைப்பு. காட்சியோடு தலைப்பு, முகப்புப் படம், விளக்கம், குறிச்சொற்கள் ஆகியவற்றையும் அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. குற்றமற்ற வீடியோ மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்தச் சொற்களால்தான்.

கசகசா அரைத்துவிட்ட கோழிக் குருமா வீடியோ ஒன்றை வைத்துப் பார்ப்போம். கசகசா விளைவது அபினிச் செடியில். ஆங்கிலத்திலும் தேடிவருவார்களே என்று அதன் குறிச்சொற்களில் opium poppy என்று ஒருவர் சேர்த்துவிட்டார். சமையலறைக்குள் போதைப்பொருளின் பெயர் நுழைந்துவிட்டது. மஞ்சள் விழுந்தாலும் எந்தச் சொல்லால் என்று தளம் சொல்வதில்லை. விளம்பர விதிகளை வைத்துக்கொண்டு நாம்தான் வரிவரியாகத் தேட வேண்டும்.

முதலில் அந்தச் சொல்லை நீக்குங்கள். மறுபரிசீலனை செய்பவர் குறிச்சொற்களையும் பார்ப்பார். ஒரு வீடியோவுக்கு ஒரே ஒரு முறையீடுதான், அதன் முடிவே இறுதி என்பதால் அவசரம் வேண்டாம். திருத்திய பிறகு Request review அழுத்தினால் வீடியோ மனிதர் ஒருவரின் பார்வைக்குப் போகும். ஆதரவுக் குழுவுக்கு எழுதும் கடிதம் இவ்வளவு இருந்தால் போதும்:

“இது 12 நிமிடக் கோழிக் குருமா சமையல் வீடியோ. 3:40-இல் கசகசாவை ஊறவைத்து அரைக்கிறேன். கடையில் வாங்கிய சமையல் பொருள் அது. போதைப்பொருள் பற்றிய பேச்சோ காட்சியோ வீடியோவில் இல்லை. குறிச்சொற்களில் இருந்த opium poppy என்பது செடியின் பெயர். தவறாகப் புரியக்கூடும் என்பதால் இன்று நீக்கிவிட்டேன். முழு வீடியோவையும் பார்த்து முடிவை மாற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்.”

வருமானம் போன வேதனையை இதில் எழுதத் தோன்றும். அந்த வேதனை நியாயமானது. ஆனால் படிப்பவருக்கு விதியும் வீடியோவும் பொருந்துகின்றனவா என்பது மட்டுமே கேள்வி. நிமிடக் கணக்கு அவரை நேராக அந்த இடத்துக்குக் கூட்டிப்போகும். சொல்லை மறைக்காமல் ஒப்புக்கொள்வதால், தானியங்கி எங்கே தடுமாறியது என்பதும் அவருக்கு விளங்கும். காட்சியிலேயே குற்றம் இருந்தால் மட்டும் எந்தக் கடிதமும் உதவாது.

பதில் வர ஏழு நாள் வரை ஆகலாம். அதற்குள் அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவது வீண். சேர்ந்த பார்வைகளும் கருத்துகளும்தான் போகும். பச்சை திரும்பினாலும், ஓடாத விளம்பரத்துக்குப் பணம் வராது. புது வீடியோவை மக்கள் அதிகம் பார்ப்பது பெரும்பாலும் முதல் சில நாட்களில் என்பதால் இந்த இழப்பு சிறியதல்ல. எனவே அடுத்த குருமாவை Unlisted ஆக ஏற்றி, சோதனை முடிந்து பச்சை வந்த பிறகே எல்லோருக்கும் திறந்துவிடுங்கள்.