தொட்டிக்கு ஒரு மோட்டார், ஷவருக்கு ஒரு மோட்டார்

மோட்டார் கடையில் முதலில் வரும் கேள்வி, "அரை எச்.பி.யா, ஒரு எச்.பி.யா?" அதற்குப் பதில் வீட்டில்தான் இருக்கிறது. டேப்பை எடுத்து அளந்துவிட்டுக் கடைக்குப் போவது நல்லது.

ஒரு மாடி வீடு என்று வைத்துக்கொள்வோம். சம்ப்பில் தண்ணீர் தரைக்கு 2 மீட்டர் கீழே இருக்கிறது. மேல்தொட்டியின் வாய் தரையிலிருந்து 9 மீட்டர் உயரத்தில். ஆக, தண்ணீர் ஏற வேண்டியது 11 மீட்டர். இந்த வேலைக்கு மோனோபிளாக் மோட்டார்தான். நிமிடத்துக்கு 40 லிட்டர் ஏறினால் 1000 லிட்டர் தொட்டி 25 நிமிடத்தில் நிறையும்.

ஆனால் குழாயும் தன் பங்கைக் கேட்கும். வளைவுகளையும் சேர்த்து 30 மீட்டர் ஒரு அங்குலக் குழாய் என்றால், அந்த ஓட்டத்தில் உராய்வுக்கு ஏறக்குறைய 3 மீட்டர் போய்விடும். மோட்டார் 14 மீட்டருக்கு உழைக்க வேண்டும். செலவைக் குறைக்க முக்கால் அங்குலக் குழாய் போட்டால் இழப்பு 8 மீட்டரைத் தாண்டும். குழாயில் மிச்சம் பிடித்த பணம் பிறகு கரண்ட் பில்லில் போகும். மோட்டாரின் வாய் அளவுக்குக் குறைவான குழாய் வேண்டாம். உறிஞ்சும் பக்கம் அறவே கூடாது.

பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 'அதிகபட்ச ஹெட் 25 மீட்டர்' பலரை ஏமாற்றுகிறது. அந்த உயரத்தில் தண்ணீர் நிற்குமே தவிர, வெளியே விழாது. பார்க்க வேண்டியது கூடவே இருக்கும் அட்டவணையை. அதில் 14 அல்லது 15 மீட்டருக்கு நேரே எத்தனை லிட்டர் என்று போட்டிருக்கிறது? அரை எச்.பி.க்கு 20 லிட்டர் என்றிருந்தால் தொட்டி நிறைய முக்கால் மணிக்கு மேல் ஆகும். காத்திருக்க முடிந்தால் அதுவே போதும். அவசரமென்றால் ஒரு எச்.பி. அட்டவணையைப் பாருங்கள்.

மாடிக் குளியலறையில் ஷவர் சொட்டுகிறது என்பது வேறு நோய். சம்ப் மோட்டாரை எவ்வளவு பெரிதாக்கினாலும் அது தீராது, ஏனென்றால் ஷவருக்கு வருவது தொட்டித் தண்ணீர். 10 மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம் உண்டு. தொட்டி ஷவருக்கு ஒன்றரை மீட்டர் மேலேதான் இருந்தால் கிடைப்பது 0.15 பார். இங்கேதான் பூஸ்டர் பம்ப் வேண்டும். அதைத் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் வைப்பார்கள். இரண்டு ஷவர் சேர்ந்து ஓட நிமிடத்துக்கு 20 லிட்டர், அந்த ஓட்டத்தில் 10 மீட்டர் ஹெட் என்று கேட்டால் போதும். கீழ்த்தளத்துக்கு இயல்பாகவே அழுத்தம் இருப்பதால், மாடிக்கு மட்டும் தனிக் குழாய் பிரித்துப் பூஸ்டர் வைப்பது சிக்கனம். ஆனால் தெருக் குடிநீர்க் குழாயில் நேரடியாக இதைப் பூட்டக் கூடாது. ஓட்டை இருக்கும் இடத்தில் சாக்கடை நீரையும் சேர்த்து உறிஞ்சிவிடும்.

குழாயைத் திறந்தால் ஓடி, மூடினால் நிற்கும் தானியங்கி பூஸ்டர் நள்ளிரவில் தானாக ஓடி நின்றால், முதலில் எங்கோ சொட்டும் குழாயையோ ஃபிளஷ் டேங்கையோ தேடுங்கள். பெரும்பாலும் பம்ப்மேல் குற்றமிருக்காது.