காகிதத்தில் ஓடும் ஊசி
பெங்களூர் ஆயத்த ஆடை ஆலைகளில் தையல் சோதனை நடக்கும் விதம்

பெங்களூரில் பீனியா, மைசூர் ரோடு, பொம்மனஹள்ளி பகுதிகளில் ஆயத்த ஆடை ஆலைகள் நிறைய உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து வேலை தேடி அங்கே போகும் பெண்களிடம் யாரும் சர்டிபிகேட் கேட்பதில்லை. "உட்காரும்மா, தைச்சுக் காட்டு" என்கிறார் சூப்பர்வைசர். அந்த அரை மணி நேரத்தில்தான் அவர் டெய்லரா, ஹெல்ப்பரா என்பது முடிவாகிறது. சம்பளமும் அதை ஒட்டியே அமைகிறது.

முதலில் காகிதம்

நூல் கோக்காத மெஷினில், கோடு போட்ட ஒரு காகிதத்தைக் கொடுக்கிறார்கள். கோட்டின் மேலேயே ஊசி ஓட வேண்டும். முதலில் நேர்கோடு. பிறகு சதுரம். மூலையில் ஊசியைக் கீழே இறக்கி நிறுத்தி, முழங்காலால் ஃபுட்டைத் தூக்கி, காகிதத்தைத் திருப்ப வேண்டும். கடைசியில் வளைகோடு.

காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டைகள் உண்மையைச் சொல்லிவிடும். மூலையைத் தாண்டி ஓட்டை விழுந்திருந்தால் மெஷினை நிறுத்தத் தெரியவில்லை என்று பொருள். வளைவில் ஊசி கோட்டை விட்டு விலகியிருந்தால், கை துணியை வழிநடத்தாமல் இழுக்கிறது என்று பொருள்.

பிறகு காலர்

அடுத்து சட்டைக் காலர். இரண்டு துணியும் கேன்வாஸும் சேர்த்துக் கால் அங்குலம் விட்டுத் தைத்து, முனையில் மிஞ்சும் துணியை வெட்டி, திருப்பி, கூர் எடுத்து, மேல்தையல் போட வேண்டும். சரிபார்ப்பதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. காலரை நடுவில் மடித்து இரு கூர்களையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஒன்று நீண்டு ஒன்று குட்டையாக இருந்தால் தள்ளுபடி. பிறகு ஸ்கேல் வைத்து ஓர் அங்குலத்தில் எத்தனை தையல் என்று எண்ணுகிறார்கள். சட்டைக்குப் பொதுவாக 10 முதல் 12 வரை இருக்கலாம்.

வேகம் ஏமாற்றும்

இரண்டு பெண்கள் ஆளுக்கு ஐந்து காலர் தைப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் பெண் ஒவ்வொன்றையும் 2 நிமிடத்தில் முடிக்கிறார். மொத்தம் 10 நிமிடம். ஆனால் இரண்டில் கூர் பொருந்தவில்லை. பிரித்து மறுபடி தைக்க ஒவ்வொன்றுக்கும் 4 நிமிடம் ஆகிறது. ஆக மொத்தம் 18 நிமிடம்.

இரண்டாவது பெண் முதல் காலருக்கு 4 நிமிடம் எடுத்தார். அடுத்து மூன்றரை, பிறகு 3, கடைசி இரண்டும் இரண்டரை. மொத்தம் பதினைந்தரை நிமிடம். ஒன்றும் திரும்பி வரவில்லை. கை பழகப் பழக நேரம் குறைவதையும் கணக்கு காட்டுகிறது. முதல் காலரை மட்டும் பார்த்த சூப்பர்வைசர் முதல் பெண்ணைத்தான் எடுத்திருப்பார். ஐந்தையும் பார்ப்பவர் இரண்டாவது பெண்ணை எடுப்பார்.

தடுமாற வைப்பது கால்

ஊரில் பத்து வருஷம் ரவிக்கை தைத்தவர்கூட இங்கே தோற்பதுண்டு. காரணம் கை அல்ல, கால். வீட்டுக் கால் மெஷினில் குதிகாலையும் விரலையும் மாற்றி மாற்றி அமுக்கி ஆட்ட வேண்டும். ஆலையின் பவர் மெஷினில் விரல் பக்கம் லேசாக அமுக்கினாலே ஓடும். அதிகம் அமுக்கினால் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தையல் போட்டுப் பாயும். தானாக நூல் வெட்டும் மெஷினாக இருந்தால் சங்கடம் இன்னும் அதிகம். அதில் குதிகாலை அமுக்குவதுதான் நூலை வெட்டும் கட்டளை. பழக்கதோஷத்தில் காலை ஆட்டுபவருக்குத் தையல் பாதியிலேயே நூல் அறுந்துவிடும். பார்ப்பவர் "இவருக்குத் தைக்கவே தெரியாது" என்று எழுதிவிடுவார்.

அனுபவமுள்ள சூப்பர்வைசர் இதைக் காகிதத்திலேயே கண்டுபிடித்துவிடுகிறார். நேர்கோடு ஒழுங்காக வந்து, தொடக்கமும் நிறுத்தமும் மட்டும் உதறினால் குறை காலில்தான். "பத்து நிமிஷம் வேஸ்ட் துணியில ஓட்டிப் பாரும்மா. குதிகாலைத் தரையில வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். திரும்பி வரும்போது பல பேருக்குத் தையல் நேராகியிருக்கிறது. அந்தப் பத்து நிமிடத்தை யாரும் தானாகத் தராவிட்டால், "நான் ஓட்டியது கால் மெஷின்" என்று முதலிலேயே சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

சோதனையா, வேலையா?

அரை மணிச் சோதனை எல்லாவற்றையும் காட்டாது. மாலை ஐந்து மணிக்கும் அதே காலர் அதே கூரோடு வருமா என்பது லைனில் உட்கார்ந்த பிறகுதான் தெரியும். அதைச் சாக்காக வைத்து இரண்டு நாள், மூன்று நாள் "டிரயல்" என்று சும்மா தைக்கச் சொல்லும் இடங்களும் இருக்கின்றன. அடையாளம் துணியில் இருக்கிறது. மிச்சம் விழுந்த வெட்டுத்துணியைக் கொடுத்தால் அது சோதனை. எண் ஒட்டிய ஆர்டர் கட்டைப் பிரித்துக் கொடுத்தால் அது உற்பத்தி. அந்தச் சட்டை விலைக்குப் போகும். அதைத் தைத்த கைக்கும் கூலி உண்டு. கட்டைப் பிரிக்கும் முன்பே அதைக் கேட்டுவிட வேண்டும்.