‘க்ஷேமம்’ என்று தொடங்கும் கடிதம்

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் ஏறத்தாழ ஐந்து வாரம் கடலில் இருந்தது. நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் நெட்டால் கரையை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்காக அங்கே போய்ச் சேர்ந்த முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பல் அதுதான்.

அதில் போனவர்களில் பெரும்பாலோருக்கு எழுதத் தெரியாது. ஊருக்குச் சேதி சொல்ல வேண்டுமென்றால், எழுதத் தெரிந்த ஒருவரிடம் உட்கார்ந்து வாயால் சொல்ல வேண்டும். அவரோ அந்தக் கால வழக்கப்படி முதலில் க்ஷேமத்தை எழுதுவார். வேலூர்ப் பக்கத்து இளைஞன் ஒருவன் அப்படிச் சொல்லி எழுதியிருந்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து பார்க்கிறேன்.

‘தகப்பனார் அவர்களுக்கு மகன் அநேக நமஸ்காரம். இவ்விடம் க்ஷேமம், அவ்விடத்து க்ஷேமத்துக்கு எழுதவும். பட்டணத்தில் படகேறும்போதே அலை தூக்கிப் போட்டது. கப்பலில் நாலைந்து நாள் தலை தூக்க முடியவில்லை, சோறு இறங்கவில்லை. பிறகு பழகிவிட்டது. எல்லாச் சாதியும் ஒன்றாகத்தான் படுத்துக்கொண்டோம். அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம். தீபாவளி கப்பலிலேயே போயிற்று. எண்ணெய் தேய்த்துக் குளிக்க வழியில்லை. மாதம் பத்து ஷில்லிங் தருவார்களாம், நம் கணக்கில் ஐந்து ரூபாய். மாட்டை விற்க வேண்டாம்.’

கடிதம் கற்பனை என்றாலும் அதிலுள்ள சங்கதிகள் அப்படியல்ல. சென்னைக்கு அன்று துறைமுகம் கிடையாது. கயிற்றால் தைத்த மசூலாப் படகில் அலையைக் கிழித்துக்கொண்டு போய்த்தான் தூரத்தில் நிற்கும் கப்பலில் ஏற வேண்டும். கடலையே பார்த்திராத உள்நாட்டு விவசாயிக்குப் பயணத்தின் முதல் பயம் கரையிலேயே தொடங்கிவிட்டது. அந்த ஆண்டு ஐப்பசி அமாவாசை நவம்பர் இரண்டாம் வாரத்தில் வந்தது, அதாவது கரை தெரிவதற்குச் சில நாள் முன்பு. பத்து ஷில்லிங் என்பதும் ஒப்பந்தத்தில் இருந்த முதல் ஆண்டுக் கூலிதான்.

கடிதத்தை நம்பி மட்டும் பயணத்தைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம். எழுதுகிறவர் அந்நியர், படித்துக் காட்டப்போகிறவரும் அந்நியர். இரண்டு பேர் காதுக்கு நடுவே எவன் மனம் திறப்பான்? அதனால்தான் ஆய்வாளர்கள் கப்பல் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள். நெட்டாலுக்குப் போனவர்களின் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. ஆளுக்கு ஓர் எண். அதன் எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம். ஒருவன் ‘எல்லோரும் ஒன்றாகப் படுத்தோம்’ என்று மறைத்துச் சொன்னதை, அடுத்தடுத்த வரிகளில் நிற்கும் வெவ்வேறு சாதிப் பெயர்கள் வெளிப்படையாகவே சொல்லிவிடுகின்றன.

அங்க அடையாளத்துக்கும் ஒரு கட்டம் உண்டு. ஆள் மாறாமலிருக்க, முழங்காலில் தழும்பு, கன்னத்தில் மச்சம் என்று குமாஸ்தா குறித்துக்கொண்டார். சின்ன வயதில் எந்த மரத்திலிருந்து விழுந்து அந்தத் தழும்பு வந்தது என்பது வேலூர்ப் பக்கத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும்.