பாஸ் ஏன் கூப்பன் கேட்கிறார்?

மேலாளர் பெயரில் ஏமாற்றுபவர் பெரும்பாலும் பணத்தை நேரடியாகக் கேட்பதில்லை, பரிசுக் கூப்பன்தான் கேட்கிறார். ஏன் அப்படி என்று யோசித்தால் இந்த மோசடி முழுவதும் விளங்கிவிடும். 2022-இல் தமிழக டி.ஜி.பி.யாக இருந்த சைலேந்திர பாபு 'பாஸ் ஸ்கேம்' என்று எச்சரித்ததும் இதைப் பற்றித்தான்.

ஜிபேயில் பணம் அனுப்பினால் பெறுபவரின் பெயர் திரையில் தெரியும். மேலாளர் பெயருக்குப் பதில் யாரோ ஒருவர் பெயர் வந்தால் அங்கேயே கை நின்றுவிடும். அனுப்பிய பிறகும், அது ஏதோ ஒரு வங்கிக் கணக்கில்தான் போய் விழுகிறது. உடனே புகார் கொடுத்தால் அந்தக் கணக்கை முடக்க வழியுண்டு. கூப்பன் அப்படியல்ல. அதிலுள்ள எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடுதான் பணம். அதை யார் முதலில் தன் கணக்கில் பதிகிறாரோ, தொகை அவருக்கு. காசு கொடுத்து வாங்கியவர் யார் என்று அந்தக் குறியீடு கேட்பதில்லை. அதை வைத்து மொபைல் வாங்கலாம், விலை குறைத்து வேறு ஒருவருக்கு விற்றும் விடலாம்.

ஒரு சம்பவத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண், வேலை கிடைத்த செய்தியை லிங்க்ட்இன்னில் போட்டிருக்கிறார். அந்த நிறுவனத்தின் எம்.டி. யார், அவர் படம் எது என்பதும் இணையத்திலேயே கிடைக்கிறது. ஒரு பிற்பகலில் அந்தப் படத்தோடு புது எண்ணிலிருந்து வாட்ஸ்அப் செய்தி வருகிறது: "ஆபீஸ்லதான் இருக்கீங்களா?" "ஆமா சார்" என்கிறார் அவர். "கிளையன்ட் மீட்டிங்ல இருக்கேன், கால் எடுக்க முடியாது. ஒரு அவசர வேலை, யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்." அதன் பிறகுதான் கூப்பன் பேச்சு வருகிறது: பத்தாயிரம் ரூபாய் கூப்பன் ஐந்து வேண்டும், பணம் மாலைக்குள் வந்துவிடும்.

ஒவ்வொரு வரிக்கும் ஒரு வேலை இருக்கிறது. முதல் கேள்வி, பதில் சொல்லக்கூடிய ஆளைக் கண்டுபிடிக்க. மீட்டிங் என்பது குரலைக் கேட்கவிடாமல் தடுக்க. ரகசியம் என்பது பக்கத்து மேசையில் இருப்பவரிடம் கேட்கவிடாமல் தடுக்க. பத்தாயிரம் என்ற கணக்கும் தற்செயல் அல்ல. ரிசர்வ் வங்கி விதிப்படி ஒரு பரிசு அட்டையின் மதிப்பு அதிகபட்சம் 10,000 ரூபாய்தான். அதனால்தான் ஒன்று போதாமல் ஐந்து கேட்கிறார். முதல் ஐந்தும் கைக்கு வந்ததும், "இன்னும் ஐந்து" என்று கேட்கவும் செய்வார். புதிதாகச் சேர்ந்தவரைத் தேர்ந்தெடுப்பதற்கும் காரணம் உண்டு: எம்.டி. எப்படி எழுதுவார் என்று அவருக்கு இன்னும் பழக்கமில்லை, மறுத்துப் பேசவும் தயங்குவார். அந்தத் தயக்கத்தை அறியாமை என்று சொல்பவர்கள்மீது எனக்குக் கோபம் வருகிறது. மேலதிகாரி சொன்னதைச் செய் என்றுதானே எல்லா அலுவலகமும் பழக்குகிறது?

சந்தேகம் வந்தால் படத்தைப் பார்த்துப் பயனில்லை. அதை யாரும் வைக்கலாம். உரையாடலின் மேலே உள்ள எண்ணைத் தொட்டு விவரப் பக்கத்தைத் திறந்தால், சேமிக்காத எண்ணின் உரிமையாளர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் ~ குறியோடு தெரியும். அதைவிட முக்கியமானது, அந்த எண்ணும் நீங்களும் சேர்ந்து இருக்கும் குழுக்களின் பட்டியல். உங்கள் எம்.டி. அலுவலகக் குழுவில் இருப்பவர் என்றால், இந்த எண்ணோடு பொதுவான குழு ஒன்றும் இல்லாதது பெரிய சேதி. ஆனாலும் உண்மையிலேயே எண் மாற்றியவர்களும் இருக்கிறார்கள், அதனால் இதுவும் முடிவான சான்று ஆகாது. முடிவைத் தருவது ஒன்றுதான்: ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் பழைய எண்ணுக்கு அழைப்பது, அல்லது அவர் அறைக்கு நேரே போய்க் கேட்பது.

கூப்பன் வாங்கிவிட்டீர்கள், குறியீட்டை இன்னும் அனுப்பவில்லை என்றால் பணம் உங்களிடமே இருக்கிறது. அனுப்பி ஓரிரு நிமிடம்தான் ஆகிறது என்றால், வேறு யாரையும் அழைப்பதற்கு முன் அந்தக் குறியீட்டை உங்கள் சொந்தக் கணக்கிலேயே பதிந்து பாருங்கள். அவர் இன்னும் பதியவில்லையென்றால் தொகை உங்கள் இருப்பில் சேர்ந்துவிடும். ஐந்தில் இரண்டு மிஞ்சினாலும் லாபம்தான். பதிய முடியாமல் போனவற்றுக்குக் கூப்பன் நிறுவனத்தை அழைத்து, ஆர்டர் எண்ணைச் சொல்லி, முடக்கக் கேளுங்கள். உடனே 1930-க்கும் அழையுங்கள், cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியுங்கள். வங்கியிடமிருந்து அதிகம் எதிர்பார்க்க முடியாது. ஓடிபி போட்டு நீங்களே செலுத்திய பணம், உண்மையான கடைக்குத்தான் போயிருக்கிறது. கோபத்தில் அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள். அந்த எண்ணும், குறியீடு அனுப்பிய நேரமும் அதில்தான் இருக்கின்றன. புகாரை எழுதிக்கொள்ளும் காவலர் முதலில் கேட்பதும் அவற்றைத்தான்.