வருடக் கட்டணம் 3,000 ரூபா: கடன் அட்டை அதைத் திருப்பித் தருமா?

சம்பளம் வங்கிக்கு வரத் தொடங்கியதும் கடன் அட்டை விண்ணப்பமும் கூடவே வருகிறது. கம்பளையில் நான் சந்திக்கும் பெண்களில் சிலர் அந்தப் படிவத்தைக் கொண்டுவந்து, "மிஸ், முதல் வருடம் இலவசமாம், புள்ளிகளும் தருவார்களாம், எடுக்கலாமா?" என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் படிவத்தில் இல்லை. நமது வீட்டுச் செலவுக் கொப்பியில் இருக்கிறது.

வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, இங்கே ஒரு கடையில் வேலை செய்யும் ஒரு தாயின் கணக்கைப் பார்ப்போம். வீட்டில் இரண்டு பிள்ளைகள். மாதச் செலவு 60,000 ரூபா. வருடக் கட்டணம் 3,000 ரூபா என்றும், 200 ரூபா செலவுக்கு ஒரு ரூபா பெறுமதியான ஒரு புள்ளி என்றும், வருடத்தில் 3 இலட்சம் ரூபா செலவழித்தால் கட்டணம் தள்ளுபடி என்றும் வைத்துக்கொள்வோம். வங்கிக்கு வங்கி இவை வேறுபடும். கணக்குப் பார்க்கும் முறை ஒன்றுதான்.

60,000 ரூபாவும் அட்டையில் போகாது என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். வீட்டு வாடகை, பஸ் காசு, டியூஷன் காசு, சந்தை மரக்கறி, மூலைக்கடைச் சிட்டை எல்லாம் கையில் காசாகக் கொடுப்பவை. மா, சீனி, சவர்க்காரம், மருந்து, பிள்ளைகளின் உடுப்பு என்று அட்டை எடுக்கும் கடைகளில் அவர் வாங்குவது மாதம் 18,000 ரூபாதான். வருடத்துக்கு 2,16,000 ரூபா. அதற்குப் புள்ளிகள் 1,080. அதாவது 1,080 ரூபா.

அடுத்தது விலைக்கழிவு. சனி, ஞாயிறு தினங்களில் சுப்பர் மார்க்கெட்டில் மரக்கறிக்குக் கழிவு என்று விளம்பரம் வரும். ஆனால் கழிவு போன விலையை நமது சந்தை விலையோடு ஒப்பிட வேண்டும். சந்தையிலும் அதே விலை என்றால் நமக்கு இலாபம் பூச்சியம். எப்படியும் வாங்கும் பொருளில், வழக்கமான கடையை விடக் குறையும் தொகை மட்டுமே சேமிப்பு. அப்படிப் பார்த்தபோது இந்தத் தாய்க்கு மாதம் 100 ரூபாதான் வந்தது. வருடத்துக்கு 1,200.

இரண்டையும் கூட்டினால் 2,280 ரூபா. கட்டணம் 3,000. அவருக்கு 720 ரூபா நட்டம்.

"அப்படியானால் இன்னும் 84,000 ரூபா செலவழித்துக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யலாமே" என்று தோன்றும். 3,000 ரூபாவை மிச்சப்படுத்த, தேவையில்லாத பொருளுக்கு மாதம் 7,000 ரூபா கொடுப்பதா? ஏற்கெனவே கட்டும் மின்கட்டணத்தையும் தொலைபேசிக் கட்டணத்தையும் அட்டைக்கு மாற்றினால் சரி. ஆனால் அந்தக் கொடுப்பனவுகளைத் தள்ளுபடிக் கணக்கில் சேர்ப்பார்களா என்று முதலில் வங்கியிடம் கேளுங்கள். சில அட்டைகளில் அவை சேராது.

இதுவரை பார்த்தது, ஒவ்வொரு மாதமும் முழுத் தொகையையும் உரிய திகதிக்குள் கட்டுபவரின் கணக்கு. ஒரு மாதம் தவறினால் எல்லாம் மாறிவிடும். வருட வட்டி 26 வீதம் என்றால், 18,000 ரூபாவுக்கு ஒரு மாத வட்டி 390 ரூபா. மாதம் கிடைக்கும் புள்ளிகளோ 90 ரூபாதான். நான்கு மாதப் புள்ளிகள் ஒரே மாதத்தில் போய்விடும். பிந்திய கட்டணம் வேறு. பட்டியலில் உள்ள 'குறைந்தபட்சக் கொடுப்பனவை' மட்டும் கட்டினால் பிந்திய கட்டணம் வராது, ஆனால் வட்டி ஓடும். சாமான் வாங்கிய நாளிலிருந்தே அதைக் கணக்கிடுவது வழக்கம். நுண்கடன் தவணை கட்ட அட்டையில் காசு எடுப்பது இதைவிட மோசம். எடுக்கும்போதே ஒரு கட்டணம் போகும், அன்றிலிருந்தே வட்டியும் தொடங்கும்.

'முதல் வருடம் இலவசம்' என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. அட்டையைப் பாவிக்காமல் பெட்டிக்குள் வைத்தாலும், இரண்டாம் வருடக் கட்டணம் தானாகவே பட்டியலில் ஏறும். கவனிக்காமல் விட்டால் அதற்கும் வட்டியும் பிந்திய கட்டணமும் சேரும். நிலுவை, கடன் தகவல் பணியகத்தின் பதிவில் ஏறினால், பின்னர் வீட்டுக்கோ தொழிலுக்கோ கடன் கேட்கும்போது அது தடையாக வந்து நிற்கும். அட்டையைக் கத்தரியால் வெட்டினால் கணக்கு மூடப்படாது. எழுத்தில் கேட்டு, நிலுவையைத் தீர்த்து, மூடியதற்கான கடிதத்தை வாங்கி வையுங்கள்.

ஏற்கெனவே அட்டை வைத்திருக்கும் சகோதரிகள், கட்டணம் பட்டியலில் வந்ததும் வங்கிக்குத் தொலைபேசி எடுத்து, "தள்ளுபடி செய்யாவிட்டால் அட்டையை மூடுகிறேன்" என்று கேட்டுப் பாருங்கள். ஒழுங்காகக் கட்டியவர்களுக்குப் பல வேளைகளில் தள்ளுபடி கிடைக்கிறது.

புதிதாக எடுக்க நினைப்பவர்கள் கையொப்பமிட முன் மூன்று மாதச் செலவை எழுதுங்கள். அட்டை எடுக்கும் கடைகளில் போன தொகையை மட்டும் கூட்டி, 4ஆல் பெருக்குங்கள். அதுதான் உங்கள் வருடச் செலவு. அதற்கு வரும் புள்ளிகளும் உண்மையான சேமிப்பும் கட்டணத்தை எட்டவில்லை என்றால், சம்பளக் கணக்கோடு வரும் பற்று அட்டையே போதும். கையில் இருப்பதற்கு மேல் அது செலவழிக்க விடாது.